கேமரா தெரியணும் என்பதற்காக எல்லாக் கதவையும் திறக்கலாமா? ரவுட்டரில் உள்ள டிஎம்இசட் ஹோஸ்ட் பற்றி

கடையில் சிசிடிவி கேமரா மாட்டியாச்சு. கடை வைஃபையில் இருக்கும்போது செல்போனில் படம் நன்றாகத் தெரிகிறது. வெளியூர் போய் மொபைல் டேட்டாவில் பார்த்தால் மட்டும் வரவில்லை. மாட்டிக்கொடுத்தவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் ரவுட்டர் பக்கத்துக்குள் போய், `DMZ Host` என்ற இடத்தில் டிவிஆர் பெட்டியின் முகவரியை (`192.168.1.10` என்று வைத்துக்கொள்வோம்) போட்டு, சேவ் செய்கிறார். "சார், இப்ப பாருங்க." படம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் இன்னொன்றும் நடந்துவிட்டது.

ரவுட்டர் உங்கள் கடைக்கு ஒரு வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருக்கும் செல்போனோ கணினியோ வெளியே ஒன்றைக் கேட்டால், யார் யாரிடம் கேட்டார்கள் என்று அது குறித்துக்கொள்ளும். அதற்கான பதில் வந்தால் சரியாகக் கேட்டவரிடமே சேர்க்கும். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து ஒன்று வந்து தட்டினால், குறிப்பில் பெயர் இல்லை, எனவே திருப்பி அனுப்பிவிடும். டிஎம்இசட் ஹோஸ்ட் என்பது இந்த வாட்ச்மேனிடம், "கூப்பிடாமல் யார் வந்தாலும், எதுவும் கேட்காமல் டிவிஆரிடம் அனுப்பிவிடு" என்று சொல்வது. ஒரு கருவிக்கு 65,535 கதவு எண்கள் உண்டு. இதைத்தான் போர்ட் என்கிறோம். கேமரா படம் பார்க்கத் தேவை ஒன்றோ இரண்டோதான். அதற்காக நீங்கள் திறந்துவைத்தது அத்தனையையும்.

பெயரும் ஆளை ஏமாற்றும். பெரிய அலுவலகங்களில் டிஎம்இசட் என்றால் உண்மையிலேயே தனியாகப் பிரித்துவைத்த ஒரு பகுதி. அங்கே உள்ள கணினியை ஒருவன் பிடித்தாலும் உள் அலுவலகத்துக்குள் நுழைய இன்னொரு தடுப்பைத் தாண்ட வேண்டும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் அது. டிவிஆர் அதே வைஃபையில், உங்கள் பில் போடும் கணினிக்கும் பிள்ளைகளின் செல்போனுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்தவன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"என் கடை டிவிஆரை யார் தேடப் போறாங்க?" என்று கேட்கலாம். யாரும் உங்களைத் தேடுவதில்லை, நிரல்கள்தான் இணையத்தில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் வேலை செய்தது. டெல்நெட் என்ற பழைய வசதிக்கான 23-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும். திறந்திருந்தால், கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டுவரும் 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளிலிருந்து போட்டுப் பார்க்கும். பல டிவிஆர்களிலும் கேமராக்களிலும் டெல்நெட் இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. அப்படிப் பிடிபட்ட கருவிகளை ஒன்றுசேர்த்து, 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் கிடைக்கவில்லை. அந்த நேரத்திலும் டிவிஆர்களின் சொந்தக்காரர்களுக்குப் படம் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். நெட் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

இன்னொரு சிக்கலைப் பலரும் யோசிப்பதில்லை. டிஎம்இசட்டில் பதிவாவது கருவி அல்ல, முகவரி. டிவிஆர் தன் முகவரியை ரவுட்டரிடமிருந்து தானாகப் பெறும்படி வைத்திருந்தால், ஒரு நாள் கரண்ட் போய் வந்த பிறகு `192.168.1.10` உங்கள் லேப்டாப்புக்குப் போகலாம். அன்றைக்குக் கேமரா வெளியே தெரியாது. அதைவிட மோசம், இணையம் முழுவதும் இப்போது தட்டுவது உங்கள் லேப்டாப்பை.

சரி, என்ன செய்வது? வரிசை முக்கியம். முதலில் கடை வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் திறங்கள். பெரும்பாலும் `192.168.1.1` அல்லது `192.168.0.1`. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். `Advanced`, `Security`, `NAT` ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்குள் `DMZ` இருக்கும். அதை `Disable` செய்து சேவ் செய்யுங்கள். அதன் பிறகுதான் டிவிஆரின் பிளக்கைப் பிடுங்கி மாட்ட வேண்டும். மிராய் கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும் என்பதால் ஆஃப் செய்தால் போய்விடும். ஆனால் கதவு திறந்தே இருந்தால் சில நிமிடங்களிலேயே மறுபடியும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆன் ஆனதும் டிவிஆரின் அட்மின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புதிய ஃபர்ம்வேர் இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

இப்போது வெளியூரிலிருந்து எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான டிவிஆர்களின் மெனுவில் `P2P` அல்லது `Cloud` என்று ஒன்று இருக்கும். அதை ஆன் செய்தால் ஒரு க்யூஆர் கோடு வரும், நிறுவனத்தின் செயலியில் அதை ஸ்கேன் செய்தால் போதும். இங்கே டிவிஆர்தான் உள்ளிருந்து வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசுகிறது. எனவே ரவுட்டரில் ஒரு கதவைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால், அந்த நிறுவனத்தை நம்பித்தான் ஆகணும். சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து.

அது இல்லாத பழைய டிவிஆர் என்றால் போர்ட் ஃபார்வர்டிங் செய்யலாம். சில ரவுட்டர்களில் இதன் பெயர் `Virtual Server`. முதலில் டிவிஆருக்கு `192.168.1.10` நிரந்தரமாகக் கிடைக்கும்படி `DHCP Reservation`-ல் பதிந்துவிடுங்கள். பிறகு டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் காட்டும் போர்ட் எண்ணை, உதாரணமாக 8000 என்றால் அதை மட்டும், இப்படிக் கொடுங்கள்:

```
External Port: 8000
Internal IP:   192.168.1.10
Internal Port: 8000
Protocol:      TCP
```

65,535-க்குப் பதில் ஒரே ஒரு கதவு. ஆனாலும் அது கதவுதான். அந்த 8000-க்குப் பின்னால் உள்ள மென்பொருளிலேயே ஓட்டை இருந்தால் இது காப்பாற்றாது. ரவுட்டரில் விபிஎன் வசதி இருந்தால், செல்போனில் விபிஎன் போட்டு உள்ளே வந்து பார்ப்பது இதைவிட நல்லது.

டிஎம்இசட்டுக்கு நியாயமான பயனே இல்லையா என்றால், ஒன்று உண்டு. இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வைத்திருந்தால், அந்த ரவுட்டரை டிஎம்இசட் ஹோஸ்ட் ஆக்கலாம். தட்டுபவர்களைத் தடுக்க அதனிடம் சொந்த வாட்ச்மேன் இருக்கிறார். டிவிஆரிடம் அப்படி யாரும் இல்லை.

ரவுட்டரின் `Status` பக்கத்தில் `WAN IP` என்று இருப்பதையும் பாருங்கள். அது `100.64` முதல் `100.127` வரை உள்ள எண்ணில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். அப்போது டிஎம்இசட், போர்ட் ஃபார்வர்டிங் இரண்டுமே வேலை செய்யாது, `P2P` வேலை செய்யும். ஆனால் "வேலை செய்யலையே" என்று டிஎம்இசட்டை ஆன் செய்தபடியே விட்டுவிடாதீர்கள். நாளைக்கு நிலையான ஐபி வாங்கும் அன்றே அது தானாக உயிர் பெற்றுவிடும்.

எல்லாம் முடிந்ததும் செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், பிரவுசரில் உங்கள் `WAN IP`-ஐ அடித்துப் பாருங்கள். டிவிஆரின் லாகின் பக்கம் வந்தால் ஏதோ ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது. ரவுட்டரில் `UPnP` ஆன் ஆக இருந்து, டிவிஆர் தானே அதைத் திறந்திருக்கலாம். அதையும் அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.