அப்டேட்டுக்கு முன் அப்லோட்

ஜவ்வாது மலையில் நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளரின் போன் என்பது வருகைப் பதிவேடு. பணித்தளத்தில் வேலை செய்பவர்களின் வருகையை என்.எம்.எம்.எஸ். ஆப்பில் நாளுக்கு இரண்டு படங்களோடு ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. டவர் இல்லாத இடத்தில் எடுத்த பதிவை ஆப் போனுக்குள்ளேயே வைத்திருக்கும். சிக்னல் வந்த பிறகுதான் அது மேலே போகும். அந்த இடைவெளியில் ஒருவருடைய அன்றைய உழைப்புக்குச் சாட்சி அந்த ஒரு போன் மட்டுமே.

இந்த நேரத்தில்தான் போன் அப்டேட் கேட்கும், போதிய இடமில்லை என்று நின்றுவிடும். இடம் பண்ணுவதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பார்கள். போகக்கூடாதது போவது அப்போதுதான்.

ஆகவே முதல் வேலை அழிப்பதல்ல, அனுப்புவது. பணிக்கான ஒவ்வொரு ஆப்பையும் திறந்து, ஏறாமல் நிற்கும் பதிவு ஏதும் உண்டா என்று பாருங்கள். இருந்தால் டவர் கிடைக்கும் மேட்டுக்கோ, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்கோ போய், எல்லாம் ஏறி முடியும்வரை காத்திருங்கள். போனின் ஆப் அமைப்பில் Clear cache, Clear data என இரண்டு இருக்கும். சில போன்களில் இரண்டாவதன் பெயர் Clear storage. முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும். இரண்டாவது ஆப் தன்னிடம் வைத்திருக்கும் எல்லாவற்றையும், ஏறாத பதிவையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தாலும் அதே கதிதான். அந்தப் பதிவு ஆப்பின் சொந்த அறையில் இருப்பதால் கேலரியிலோ ஃபைல் மேனேஜரிலோ தெரியாது. பென் டிரைவில் நகல் எடுத்தாலும் அதில் வராது.

அடுத்து, எவ்வளவு இடம் வேண்டும்? அப்டேட் 2.3 ஜிபி என்று காட்டினால் 2.3 ஜிபி காலியாக இருந்தால் போதாது. அண்மைக்கால ஆண்ட்ராய்டு போன்கள் பழைய சிஸ்டத்தின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. புதியதைத் தனியே எழுதி வைத்து, ரீஸ்டார்ட் ஆனதும் அதற்கு மாறிப் பார்த்து, சரியாக ஓடினால்தான் பழையதை விடும். ஓடாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். ‘அப்டேட் ஆகவில்லை’ என்று வந்த பிறகும் படங்கள் அப்படியே இருப்பது இதனால்தான். அப்படி எழுதிவைக்கும் இடம் உங்கள் படங்கள் இருக்கும் அதே உள் நினைவகத்திலிருந்து கடனாக எடுக்கப்படுகிறது, முடிந்ததும் திரும்பி வருகிறது. காட்டும் அளவைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே காலி செய்துகொள்வது என் வழக்கம். மெமரி கார்டில் எவ்வளவு காலியாக இருந்தாலும் இதற்கு உதவாது. உள்ளே இருப்பதைக் கார்டுக்கு மாற்றினால்தான் பயன்.

ஒரு 32 ஜிபி போனை எடுத்துக்கொள்வோம். காலி 1.1 ஜிபி, தேவை 5 ஜிபிக்கு மேல். முதலில் கேலரியின் குப்பைத் தொட்டியைத் திறக்க வேண்டும். நீக்கிய படங்கள் பெரும்பாலான போன்களில் 30 நாள் வரை அங்கேயே கிடந்து இடத்தை அடைத்திருக்கும். நூறு வீடியோ அழித்தும் இடம் ஏறவில்லை என்று பலர் மலைப்பதற்குக் காரணம் இதுதான். வேண்டியது ஏதும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டுக் காலி செய்தால், இந்தப் போனில் 0.9 ஜிபி திரும்புகிறது.

அடுத்து வாட்ஸ்அப். Settings, Storage and data, Manage storage என்று போனால் பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று பிரித்துக் காட்டும். திருவிழா வீடியோக்களும் காலை வணக்கங்களும் போனால் 1.8 ஜிபி. அலுவலகக் குழுவில் வந்த சுற்றறிக்கைகளை மட்டும் தொடாதீர்கள். பெரிய ஆப்களின் Clear cache இன்னொரு 0.6. இப்போது காலி 4.4 ஜிபி.

மிச்சத்துக்குச் சொந்தப் படங்களைத்தான் இடம் மாற்ற வேண்டும். மலையில் இன்டர்நெட்டை நம்பி கூகுள் போட்டோஸில் ஏற்றுவதைவிட ஓடிஜி பென் டிரைவ் சிறந்தது. Move கொடுக்காதீர்கள், Copy கொடுங்கள். நடுவில் பென் டிரைவ் கழன்றால் Move பாதி வழியில் கோப்பைக் கெடுத்துவிடலாம். நகல் எடுத்தபின் இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்து, நாலைந்து வீடியோவைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, அதன்பிறகு போனில் அழியுங்கள். 2 ஜிபி வீடியோவை இப்படி மாற்றினால் காலி 6.4 ஜிபி. போதும்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பணிப் படத்தை வாட்ஸ்அப்பில் வேறொருவருக்குப் படமாக அனுப்பி வைப்பது நகல் ஆகாது. அளவு சுருங்கிவிடும், படத்தோடு ஒட்டியிருக்கும் இடக்குறிப்பும் போய்விடும். கூகுள் போட்டோஸில் ஏற்கெனவே ஏறிய படத்தை அந்த ஆப்பிலேயே Delete செய்தால் மேலே இருப்பதும் சேர்ந்து போகும். Free up space என்பதுதான் போனில் உள்ளதை மட்டும் நீக்கும்.

இடம் இருந்தும் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று வந்தால் நோய் வேறு. எந்தக் கட்டத்தில் வந்தது என்று கவனியுங்கள். டவுன்லோட் தொடங்கும்போதே வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். சார்ஜ் முழுதும் இறங்கி, டவர் இல்லாத இடத்தில் உயிர்பெற்ற போன் தவறான தேதியைக் காட்டலாம். தேதி தவறினால் அப்டேட் சர்வரின் பாதுகாப்புச் சான்றைப் போன் ஏற்காது. தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகும். டவுன்லோட் முடிந்த பிறகு வந்தால், அறுந்து அறுந்து வந்த சிக்னலில் கோப்பு பழுதாகியிருக்கலாம். ஐபோனில் Settings, General, iPhone Storage பட்டியலில் அந்த அப்டேட்டைத் தேடி Delete Update கொடுத்து மீண்டும் இறக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ரீஸ்டார்ட் செய்து, நல்ல வைஃபையில் மறுபடி இறக்குவது பெரும்பாலும் போதும்.

மலைக்காரர்களுக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் போளூரிலோ ஆலங்காயத்திலோ முழுவதும் இறக்கிக்கொண்டு வந்து, வீட்டில் டவர் இல்லாமலே நிறுவலாம். ஐபோன் நிறுவும் நேரத்திலும் ஆப்பிள் சர்வரிடம் அனுமதி கேட்கும். ஆகவே அதைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள். ஐபோனில் இடம் பண்ண முடியவே இல்லையென்றால் கம்ப்யூட்டரோடு இணைத்து Update கொடுக்கலாம். கோப்பு கம்ப்யூட்டரில் இறங்குவதால் போனில் குறைந்த இடமே போதும். பக்கத்திலேயே Restore இருக்கும், அது எல்லாவற்றையும் அழித்துவிடும்.

ஒவ்வொரு முறையும் நிறுவும்போதே தவறினால், முன்பு யாரோ அந்தப் போனின் சிஸ்டத்தை மாற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். தொழிற்சாலையில் இருந்த சிஸ்டத்தோடு பொருந்தாத போனில் அப்டேட் ஏறாது. அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் போனை முழுதும் துடைக்க வேண்டியிருக்கும். நகல் எடுக்காமல் சர்வீஸ் கடையில் கொடுக்காதீர்கள். கறுப்புத் திரையில் ஆங்கிலப் பட்டியல் வந்தால் Wipe data/factory reset என்ற வரியைத் தொடவே வேண்டாம்.

காலை வருகைப் படம் எடுக்கும் முன் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். வேலை இல்லாத நாளில், பதிவெல்லாம் ஏறிய பிறகு, பாதிக்கு மேல் சார்ஜ் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.