வங்கி மறுத்தபின் வீட்டைக் காப்பது எப்படி?

கேள்வி: முன்னாள் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த குடியிருப்பில், வங்கிக் கடனில் மலிவு விலை வீடு வாங்கினேன். வேலை குறைந்ததால் நான்கு மாதத் தவணை நின்றுவிட்டது. கடன் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கக் கேட்டேன். நீட்டித்தால் எனக்கு 70 வயது கடந்துவிடும், வருமானச் சான்று போதாது, நிலுவை மூன்று மாதத்தை மீறிவிட்டது என்று வங்கி மறுத்துவிட்டது. வழக்குத் தொடுக்கலாமா? (வாசகர், 52 வயது, சுங்கை சிப்புட்)

பதில்: கூடாது. கடனைச் சீரமைப்பது வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்ட வர்த்தகத் தீர்மானமாகையால், அதைத் தாங்கள் உரிமையாகக் கோர இயலாது. நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மனும் இத்தகைய தீர்மானங்களை விசாரிப்பதில்லை. கணக்கில் தவறோ, முறையற்ற கட்டணமோ இருந்தால் மட்டும், வங்கியின் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் அங்கே முறையிடலாம்.

தங்கள் வீட்டின் கதியை நிர்ணயிப்பது தேசிய நிலச் சட்டத்தின் பாரம் 16டி அறிவிப்பு ஆகும். அந்த அறிவிப்பில் குறிக்கப்பட்ட அவகாசம், சாதாரணமாக ஒரு மாதம், முடிவதற்குள் நிலுவையைச் செலுத்தினால் குற்றம் நிவர்த்தியாகும். தவறினால், 254ஆம் பிரிவின்படி கடன் தொகை முழுவதும் உடனே செலுத்தத்தக்கதாகிவிடும். அதன்பின் பத்திரத்தின் வகைக்கேற்ப உயர் நீதிமன்றத்திலோ நில அலுவலகத்திலோ ஏல உத்தரவை வங்கி கோரலாம். லோ லீ லியான் எதிர் பான் ஹின் லீ பேங்க் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் வகுத்தபடி, உத்தரவைத் தடுக்கும் காரணங்கள் மிகக் குறுகியவை. வறுமையும் நோயும் அவற்றில் அடங்கா.

அந்த அறிவிப்பு வந்ததா என்பதைத் தாங்கள் எழுதவேயில்லை! அனுப்பியதோ மறுப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கம் மட்டும், அதில் தேதியில்லை, நிலப் பத்திரமில்லை, கடன் ஒப்பந்தமுமில்லை. முதல் தவணை தவறிய மாதத்திலேயே வங்கிக்குச் சென்றிருந்தால், மூன்று காரணங்களுள் ஒன்றாவது எழாமல் இருந்திருக்கும். வீடு பணயமாக உள்ள கடனில் நான்கு மாதம் வாளாவிருந்தது பெரும் அஜாக்கிரதை.

இன்னும் வழிகள் உள. பேங்க் நெகாரா 2006இல் நிறுவிய ஏகேபிகே, கட்டணமின்றித் தங்கள் வரவு செலவை ஆராய்ந்து, கட்டக்கூடிய தொகையைக் கணக்கிட்டு வங்கியிடம் முன்வைக்கும். ஆனால், குடும்பச் செலவு போகக் கையில் ஏதாவது மிஞ்சவேண்டும், வழக்கும் முற்றியிருக்கக் கூடாது. ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கில் தொகையிருந்தால், வீட்டுக் கடனைக் குறைக்க அதை மீட்கத் தகுதியுண்டா என்று விசாரியுங்கள். இரண்டும் கைகூடாவிடில், ஏலத்துக்கு முன்பாகவே வங்கியின் சம்மதத்துடன் தாங்களே விற்பது நல்லது. மலிவு விலை வீட்டுப் பத்திரத்தில் மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக்கூடாது என்னும் கட்டுப்பாடு பெரும்பாலும் இருக்கும். அவ்வனுமதிக்கு மாதங்கள் ஆகுமாதலால் இப்போதே தொடங்குங்கள்.

முழு ஆவணங்களைக் காணாமல் இதற்குமேல் நான் கூறுவது தங்களுக்கு அபாயமாகவே முடியும். பத்திரம், கடன் ஒப்பந்தம், வங்கியின் எல்லாக் கடிதங்கள், அவை வந்த உறைகள் ஆகியவற்றுடன் இவ்வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் சந்தியுங்கள். கட்டணம் தர இயலாவிடில் ஈப்போவிலுள்ள வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையத்தை நாடுங்கள்.