‘தொடங்கப்பட்டுள்ளது’ என்றால் தொடங்கியது யார்?

பட்டினச்சேரியில் கருவாட்டைச் சுத்தமாக உலர்த்தி, பாக்கெட் போட்டு விற்கும் இளம்பெண் ஒருவர், தன் தொழிலை அறிமுகப்படுத்தும் பதிவொன்றை எனக்கு அனுப்பினார். சென்னைக் கடைக்காரர்கள் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் எண்ணம். எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார். பதிவு இதுதான்:

“பட்டினச்சேரியில் சிறிய அளவில் ஒரு கருவாட்டு முயற்சி தொடங்கப்பட்டுள்ளது. மீன்கள் சுகாதாரமான முறையில் உலர்த்தப்பட்டு பேக் செய்யப்படுகின்றன. இயன்றவரை தரத்தைப் பேண முயன்று வருகிறோம். ஓரளவு நல்ல வரவேற்பு கிடைத்து வருவதாகக் கருதுகிறோம். ஆறு மாதம் வரை கெடாது என நம்பப்படுகிறது. ஆதரவு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆறு வாக்கியத்தில் நான்கில் ஆளே இல்லை. பத்திரிகை மேசையில் பல வருடம் அறிக்கைகளைத் திருத்திய பழக்கத்தில், இப்படிப்பட்ட பதிவுகளில் நான் வார்த்தையைத் தொடுவதற்கு முன் எழுதியவரிடம் கேள்வி கேட்பேன். ‘செய்தது யார்?’, ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்ற இரண்டு கேள்விகளே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

செய்தவரைக் கொண்டுவருவது

“தொடங்கினது யாரும்மா?” என்றேன்.

“நானும் அம்மாவும்தாண்ணே. ஆனா நான், நான்னு எழுதினா திமிருன்னு நினைப்பாங்களே?”

இந்தப் பயம்தான் பெரும்பாலான ‘-ப்பட்டது’களுக்குக் காரணம். தமிழில் இதற்கு எளிய வழி உண்டு. வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும் என்பதால் ‘தொடங்கினோம்’, ‘உலர்த்துகிறோம்’ என்று எழுதினால் போதும். பதிவு முழுக்க ‘நான்’ ஒருமுறை வந்தாலே அதிகம். கூட உழைத்தவரையும் சொல்லிவிட்டால் தற்பெருமை என்று யாரும் சொல்ல முடியாது. அம்மா கூடையில் கருவாடு சுமந்து விற்றவர். எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு என்று கைப்பழக்கத்தில் அறிந்தவர். ‘தொடங்கப்பட்டுள்ளது’ என்ற வினை மகளோடு சேர்த்து அந்த அம்மாவையும் மறைத்திருந்தது.

பெயரடையை எடுத்து, வேலையைச் சொல்வது

‘சுகாதாரமான முறையில்’ என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். “நீங்க என்ன செய்றீங்க, அதை மட்டும் சொல்லு” என்றேன். காலையில் கரையில் வாங்கிய நெத்திலியை நல்ல தண்ணீரில் அலசி, இடுப்பளவு உயரத்தில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைமேல் பரப்புகிறார்கள். மணலில் காயப்போடுவதில்லை. ஈ வராமல் மேலே இன்னொரு வலை. இதை அப்படியே எழுதினால் ‘சுகாதாரம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. வாயில் போட்டால் மணல் கடிபடாது என்று சேர்த்தோம். கருவாடு வாங்கிப் பழகிய எவருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

‘முயன்று வருகிறோம்’ இன்னும் சிக்கலானது. முயற்சி மட்டும் சொன்னால், கைகூடவில்லை போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த இடத்தில் நான் கேட்பது: “எதைத் தூக்கிப் போடுவீங்க?” அவர் யோசிக்காமல் சொன்னார்: “மழையில நனைஞ்ச மீனைப் பாக்கெட் போடமாட்டோம்ணே. கோழித் தீவனக்காரருக்குக் கொடுத்துடுவோம்.” பதிவின் மிக வலுவான வாக்கியம் அவர் வாயிலேயே இருந்தது. தரம் என்பதை நம்பவைக்க, விட்டுக்கொடுத்த லாபத்தைப் போல வேறு சான்று கிடையாது.

வரவேற்புக்கும் இதே வழிதான். ‘ஓரளவு’, ‘கருதுகிறோம்’ எதற்கு? கணக்கு நோட்டு இருக்கிறதே! காரைக்காலில் ஒன்பது கடைகள் வாங்கியிருந்தன. அவற்றில் ஏழு மறுபடியும் கேட்டிருந்தன. எண் சிறியது என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கவின்கேர் நிறுவனர் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தொழிலைத் தொடங்கியதாகச் சொல்லும்போது, அந்தச் சின்னத் தொகையே கேட்பவர் மனதில் நின்றுவிடுகிறது.

எந்தத் தயக்கம் இருக்க வேண்டும்?

எல்லாத் தயக்கத்தையும் வெட்டிவிடக் கூடாது. ஆறு மாதம் கெடாது என்று நம்புவது யார் என்று கேட்டேன். ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்றார். இவரும் அம்மாவும் வைத்துப் பார்த்தது மூன்று மாதம்தான், ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. இங்கே ‘ஆறு மாதம் கெடாது’ என்று அடித்துச் சொல்வது பொய். உப்புக் கருவாட்டில் ஈரம் தங்கினால் செந்நிறம் படியும், பூஞ்சை வரும். ஒரு பாக்கெட் அப்படிப் போனாலே கடைக்காரர் திரும்பி வரமாட்டார். அதனால் தயக்கத்தை வைத்துக்கொண்டோம், ஆனால் அதற்கு எல்லை கட்டினோம்: ‘மூன்று மாதம் வைத்துப் பார்த்தோம், வாடை மாறவில்லை. அதற்கு மேல் இன்னும் சோதிக்கவில்லை.’ தெரிந்தது எதுவரை என்று சொல்பவரின் மற்ற வாக்கியங்களையும் படிப்பவர் நம்புவார்.

செயப்பாட்டு வினைக்கும் இடம் உண்டு. ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை விதிக்கப்படுகிறது’ என்ற வாக்கியத்தில், தடை போட்டது யார் என்பது கருவாடு வாங்குபவருக்கு வேண்டாத தகவல். அப்படியே விட்டுவிடலாம்.

மறுபக்கம் சாய்ந்தால்

இவ்வளவும் பேசிய பிறகு வந்த இரண்டாம் வரைவு, ‘தமிழ்நாட்டின் தலைசிறந்த, 100% இயற்கையான, பாரம்பரியக் கருவாடு’ என்று தொடங்கியது. பட்டினச்சேரி இருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பது ஒருபுறம். ‘இயற்கை’, ‘தூய’, ‘பாரம்பரிய’ போன்ற சொற்களை உணவுப் பொருளுக்கு இஷ்டத்துக்குப் போட முடியாது. 2018இல் வந்த உணவு விளம்பர விதிமுறைகள் அவற்றுக்கு நிபந்தனை வைத்திருக்கின்றன. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை எளியது: படித்தவர் நாளைக்கே பட்டினச்சேரிக்கு வந்து நின்றால், அந்த வாக்கியத்தைக் கையால் காட்ட முடியுமா? வலையைக் காட்டலாம், நோட்டைக் காட்டலாம். ‘தலைசிறந்த’தைக் காட்ட முடியாது.

கடைசி வாக்கியத்தில் ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்பது அரசு அலுவலகச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மொழி. ஆதரவு கேட்பதை விட்டுவிட்டு, தான் கொடுக்கப்போவதைச் சொல்லச் சொன்னேன். கடைசியில் பதிவு இப்படி ஆனது:

“பட்டினச்சேரியில் நானும் அம்மாவும் கருவாட்டுத் தொழில் தொடங்கியிருக்கிறோம். கரையில் காலையில் வாங்கும் நெத்திலியை அலசி, மணலில் போடாமல், உயரக் கட்டிய வலையில் உலர்த்துகிறோம். வாயில் போட்டால் மணல் கடிபடாது. உப்பின் அளவு அம்மாவின் கைக்கணக்கு. மழையில் நனைந்ததைப் பாக்கெட் போடுவதில்லை. காரைக்காலில் ஒன்பது கடைகள் வாங்கின. ஏழு கடைகள் மறுபடியும் கேட்டன. மூன்று மாதம் வைத்துப் பார்த்தோம், வாடை மாறவில்லை. அதற்கு மேல் இன்னும் சோதிக்கவில்லை. விசைப்படகுத் தடைக்காலத்தில் சரக்கு குறைவாகத்தான் இருக்கும். சென்னையில் கடை வைத்திருப்பவர்கள் கேட்டால், கால் கிலோ மாதிரி அனுப்புகிறோம்.”

உங்கள் பதிவையும் இப்படிப் பார்க்கலாம். முதல் வரைவைத் தயங்கியபடியே எழுதுங்கள், தவறில்லை. பிறகு ‘ப்பட்ட’, ‘ப்படு’, ‘வருகிறோம்’, ‘ஓரளவு’, ‘என நம்ப’ ஆகியவற்றைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் செய்தவர் பெயரோ, நோட்டிலுள்ள எண்ணோ, சோதித்துப் பார்த்த எல்லையோ வைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காத வாக்கியத்தை மெருகேற்றிப் பயனில்லை, அதை எடுத்துவிடுங்கள்.