தளம் எல்லோருக்கும் படுத்துவிட்டதா, நமக்கு மட்டுமா? கண்டுபிடிக்க 9 குறிப்புகள்

கரன்ட் பில் கட்டவோ, பரீட்சை முடிவு பார்க்கவோ உட்காரும்போதுதான் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். கோளாறு அவர்கள் பக்கம் என்றால், நாம் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கோளாறு நம் பக்கம் என்றால், எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் தானாகச் சரியாகப் போவதில்லை. எந்தப் பக்கம் என்று பிரித்தறிய, கீழே உள்ள வரிசையிலேயே பார்த்து வாருங்கள்.

1. பிழைச் செய்தியை மூடாமல் படியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். 500, 502, 503, 504 என்று ஏதாவது ஓர் எண் வந்தால், உங்கள் கோரிக்கை எதிர்முனை வரை போய், அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் நெட் நன்றாகத்தான் இருக்கிறது, சர்வரில்தான் சிக்கல். 403 என்றால் சர்வர் வேலை செய்கிறது, ஆனால் உங்களை உள்ளே விட மறுக்கிறது, மற்றவர்களுக்குத் திறக்கக்கூடும். 429 வந்தால் குறுகிய நேரத்தில் பலமுறை தட்டிவிட்டீர்கள், சற்று ஆறப்போட வேண்டும். `ERR_INTERNET_DISCONNECTED` என்றால் சந்தேகமே வேண்டாம், உங்கள் நெட்தான் இல்லை. `DNS_PROBE_FINISHED_NXDOMAIN` என்றால் அந்தப் பெயருக்கு உரிய முகவரி கிடைக்கவில்லை. முதலில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். குழப்பமானது `ERR_CONNECTION_TIMED_OUT`. பதிலே வரவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. தவறு எந்தப் பக்கமும் இருக்கலாம்.

2. இன்று நீங்கள் திறக்காத வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். காலையில் பார்த்த செய்தித் தளத்தையே மறுபடி திறந்தால், பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கத்தைக் காட்டி ஏமாற்றிவிடலாம். புதிதாக ஒன்று திறந்தால் நெட் இருக்கிறது என்பது உறுதி. எதுவுமே திறக்கவில்லை என்றால் மற்ற குறிப்புகளுக்குப் போக வேண்டாம்; ரூட்டரையும் நெட் கம்பெனியையும் கவனியுங்கள்.

3. மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். கணினிக் குரோமில் `Ctrl+Shift+N` அழுத்தினால் இன்காக்னிடோ சாளரம் வரும். பழைய குக்கீகள் அதில் இருக்காது. எக்ஸ்டென்ஷன்களும், நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர, ஓடாது. அதில் திறந்துவிட்டால் சிக்கல் உங்கள் பிரவுசருக்குள்தான். முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டு, அந்த ஒரு தளத்தின் குக்கீகளை மட்டும் அழித்தால் போதும். மொத்தத்தையும் அழித்தால் எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். `ERR_CERT_DATE_INVALID` என்று வந்தால் கணினியின் தேதி, நேரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால் தளத்தின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கலாம். அப்போது கடவுச்சொல், கார்டு எண் எதையும் அங்கே கொடுக்காதீர்கள்.

4. வேறு கம்பெனி நெட்டில் சோதியுங்கள். இருக்கும் சோதனைகளில் இதுதான் முக்கியமானது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறங்கள். அங்கே திறந்தால் தளம் உயிரோடுதான் இருக்கிறது. பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: வீட்டு பிராட்பேண்டும் போன் சிம்மும் ஒரே கம்பெனியுடையதாக இருந்தால் இரண்டும் ஒரே வழியில் போகக்கூடும், அப்போது சோதனைக்கு மதிப்பு குறைவு. வீட்டில் வேறு கம்பெனி சிம் வைத்திருப்பவரின் போனை வாங்கிப் பாருங்கள். உள்ளூரிலேயே வேறு நெட் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டாலும் சரி.

5. “எல்லோருக்கும் டவுனா” என்று சொல்லும் தளங்களை அளவோடு நம்புங்கள். `downforeveryoneorjustme.com` போன்றவற்றில் தளத்தின் பெயரைக் கொடுத்தால், அவர்களுடைய சர்வர் அந்தத் தளத்தைத் தட்டிப் பார்த்து முடிவைச் சொல்லும். மூன்று இடங்களில் இது தவறான எண்ணத்தைக் கொடுக்கும். முதலாவது, இவை பெரும்பாலும் முகப்புப் பக்கத்தை மட்டுமே பார்க்கின்றன. முகப்பு நன்றாகத் திறந்து, லாகினோ பணம் கட்டும் பக்கமோ படுத்திருந்தால் “நன்றாக இருக்கிறது” என்றே பதில் வரும். இரண்டாவது, தட்டிப் பார்க்கும் சர்வர் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும். நம் அரசுத் தளங்களில் சில, பாதுகாப்புக்காக வெளிநாட்டிலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்பதில்லை. அவை இங்கே ஒழுங்காக ஓடும்போதே “டவுன்” என்று காட்டும். மூன்றாவது இதற்கு நேர் எதிர். இந்தியாவில் தடை செய்யப்பட்ட தளத்தை வெளியிலிருந்து பார்த்து “நன்றாக இருக்கிறது, உங்களுக்கு மட்டும்தான் சிக்கல்” என்று சொல்லும்.

6. டவுன்டிடெக்டர் காட்டுவது புகார்களை. அந்தத் தளம் வரைபடமாகக் காட்டுவதன் முக்கிய ஆதாரம், மக்கள் “எனக்கு வேலை செய்யவில்லை” என்று அனுப்பும் புகார்கள்தான். எந்தப் பெரிய சேவைக்கும் எந்நேரமும் சில புகார்கள் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல், கோடு கடந்த அரை மணிக்குள் திடீரென்று செங்குத்தாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் பொதுவான கோளாறு. அதிகம் பேர் பயன்படுத்தாத உள்ளூர்த் தளங்களுக்கு இது உதவாது. ஒரு பெரிய சேவை விழும்போது, “நெட்தான் போய்விட்டது” என்று நினைத்து நெட் கம்பெனியின் பெயரில் புகார் போடுபவர்களும் உண்டு. அந்த உயர்வை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் கோளாறு ஏற்பட்டபோது, அதை நம்பியிருந்த டவுன்டிடெக்டரே திணறியது.

7. மூன்று படம் உள்ள பிழைப்பக்கம் வந்தால் நடுவிலும் வலப்பக்கமும் பாருங்கள். ஏராளமான தளங்களுக்கும் நமக்கும் நடுவில் கிளவுட்ஃப்ளேர் நிற்கிறது. கோளாறு வந்தால் அதன் பக்கம் மூன்று சின்னங்களை வரிசையாகக் காட்டும். இடப்பக்கம் உங்கள் பிரவுசர், நடுவில் கிளவுட்ஃப்ளேர், வலப்பக்கம் தளத்தின் சொந்த சர்வர். `Working` என்றால் நலம், `Error` என்றால் அங்கேதான் அடைப்பு. வலக்கோடியில் `Error` இருந்தால் அந்த ஒரு தளம் விழுந்திருக்கிறது. நடுவில் இருந்தால் கிளவுட்ஃப்ளேரிலேயே சிக்கல், அன்று வேறு பல தளங்களும் திறக்காமல் போகலாம். இரண்டிலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

8. பெயருக்கு முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் வேலையை டிஎன்எஸ் செய்கிறது. வழக்கமாக நம் நெட் கம்பெனியின் டிஎன்எஸ்தான் இதைக் கவனிக்கும். அது மட்டும் சுணங்கினாலும் தளம் திறக்காது. விண்டோஸில் `cmd` திறந்து இரண்டு வரிகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். `example.com` இருக்கும் இடத்தில் உங்களுக்குத் திறக்காத தளத்தின் பெயரைப் போடுங்கள்.

```
nslookup example.com
nslookup example.com 8.8.8.8
```

முதல் வரி உங்கள் கம்பெனியைக் கேட்கிறது, இரண்டாவது வரி கூகுளின் டிஎன்எஸ்ஸைக் கேட்கிறது. பதிலில் `Non-authoritative answer` என்று இருந்தால் பதற வேண்டாம், அது வழக்கமான வரி. இரண்டிலும் வெவ்வேறு எண்கள் வந்தாலும் தவறில்லை, பெரிய தளங்களுக்குப் பல முகவரிகள் உண்டு. முதலாவது தோற்று இரண்டாவது எண் கொடுத்தால், உங்கள் கம்பெனியின் டிஎன்எஸ்தான் காரணம். ஆண்ட்ராய்டு போனில் `Private DNS` என்ற அமைப்பில் `dns.google` என்று எழுதினால் அதைத் தாண்டிவிடலாம். இரண்டுமே `Server failed` என்றால் கோளாறு பெரும்பாலும் தளத்தின் பக்கம். 2021 அக்டோபர் 4 இரவு இதுதான் நடந்தது. இந்திய நேரம் 9 மணி கடந்ததும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றுபோயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் உள்வலையமைப்பு அறுந்தது. அதோடு அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்திலிருந்து மறைந்துவிட்டது. யாரைக் கேட்டாலும் முகவரி கிடைக்கவில்லை. அன்றிரவு போனை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தும் பலனில்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

9. சாட்சி எங்கிருந்து பார்க்கிறார் என்று கேளுங்கள். எங்கள் மாடி வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் அவருடைய லேப்டாப்பில் ஓர் அரசுத் தளம் திறக்கவில்லை, `ERR_CONNECTION_TIMED_OUT` என்றே வந்தது. துபாயில் இருக்கும் மகனிடம் கேட்டார். “எனக்கும் திறக்கலைப்பா, சர்வர் டவுன்தான்” என்றார் மகன். ஐந்தாம் குறிப்பில் சொன்ன மாதிரித் தளத்திலும் பார்த்தார், அதுவும் டவுன் என்றது. விஷயம் முடிந்தது என்று லேப்டாப்பை மூடப் போனார்.

“சார், உங்க போன்ல வைஃபையை ஆஃப் பண்ணிட்டு ஒருதடவை பாருங்க” என்றேன். உடனே திறந்தது. வைஃபையைப் போட்டுப் பார்த்தோம், போனில் அப்போதும் திறந்தது. தளமும் சரி, வீட்டு நெட்டும் சரி. மிஞ்சியது லேப்டாப் மட்டும்தான். பிரவுசரின் மேல் மூலையில் விபிஎன் எக்ஸ்டென்ஷன் ஒன்று, சிங்கப்பூர் என்று காட்டிக்கொண்டிருந்தது. “இதை லீவுக்கு வந்தப்ப அவன்தான் போட்டுக் கொடுத்தான்” என்றார். அதை அணைத்ததும் லேப்டாப்பிலும் தளம் வந்துவிட்டது. மகன், சோதனைத் தளம், லேப்டாப் என்ற மூன்று சாட்சிகளும் வெளிநாட்டில் நின்றுகொண்டுதான் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோருக்கும் டவுன் என்று உறுதியானால், பணம் கட்டும் நடுவில் நின்றிருந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கியிலிருந்து பணம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். “மாற்று லிங்க்” என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் தொடாதீர்கள், போலித் தளங்களைப் பரப்புபவர்கள் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருப்பார்கள். உங்களுக்கு மட்டும் என்று தெரிந்தால், ரூட்டரை அரை நிமிடம் அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நெட் கம்பெனிக்குப் போன் செய்து, “நெட் வரலை” என்று பொதுவாகச் சொல்லாமல், “மற்ற தளங்கள் திறக்கின்றன, இந்தத் தளம் மட்டும் திறக்கவில்லை, வேறு கம்பெனி சிம்மில் திறக்கிறது, டிஎன்எஸ் மாற்றியும் பார்த்துவிட்டேன்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் ரூட்டரை அணைக்கச் சொல்லும் முதல் கட்டத்தைத் தாண்டி, புகார் நேராகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போக வாய்ப்பு அதிகம்.