பிரித்து நிறுத்திய கைவிளக்கு

கருவியின் பாகங்களைக் கழற்றி, அவை பொருந்தும் வரிசையிலேயே இடைவெளிவிட்டு ஒரே அச்சில் நிறுத்திக் காட்டுவது பிரிநிலை வரைபடம். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் 'கைவிளக்கின் பிரிநிலை வரைபடம்' என்று மட்டும் கேட்டால், கோடுகள் தூய்மையாக அமையும். ஆனால், கைவிளக்கில் இல்லாத பற்சக்கரமும் முளைத்திருக்கக்கூடும். அம்மென்பொருள் எக்கருவியையும் கழற்றியதில்லை. தான் பயின்ற படங்களின் சாயலையே தருகிறது.

ஆகவே, வரிசையைக் குறிப்பே சொல்லவேண்டும்: "வெள்ளைப் பின்னணி, சீரான மெல்லிய கருங்கோடு, நிழலும் எழுத்தும் வேண்டா. கிடையான ஒரே அச்சில், இடமிருந்து வலமாக 9 பாகங்கள்: முன்வளையம், கண்ணாடி, எதிரொளிப்பான், குமிழ்விளக்கு, பொத்தானுடன் கூடிய உருளை உடல், இரண்டு மின்கலங்கள், சுருள்வில், பின்மூடி. எதுவும் எதையும் தொடலாகாது."

எழுத்தை விலக்கியதற்குக் காரணம் உண்டு. மென்பொருள் பெயர்களைச் சிதைத்து எழுதிவிடக்கூடும், தமிழில் இன்னும் மிகுதியாக. அவற்றைப் பின்னர்க் கையால் இடுவதே நன்று.

வந்த படத்தில் முதலில் பாகங்களை எண்ணவேண்டும். பின்னர் அவற்றை மனத்துள் பூட்டிப் பார்க்கவேண்டும். மின்கலங்களின் குமிழ்முனை விளக்கை நோக்குகிறதா? கண்ணாடி வளையத்துள் அடங்குமா? சுருள்வில் இரு மின்கலங்களுக்கு நடுவே நின்றால், படம் எவ்வளவு அழகாயினும் அதைப் பார்த்துக் கைவிளக்கைச் சரியாகப் பூட்ட இயலாது.