மேலிருந்தா, கீழிருந்தா?

கேள்வி: கட்டத்தில் வழிகளை எண்ண மெமோ நல்லதா, அட்டவணை நல்லதா?

பதில்: 16×16 கட்டம், வலப்புறமும் கீழும் மட்டுமே நகரலாம். ஒரு கட்டத்துக்கான வழிகள், மேல்கட்டத்தின் வழிகளும் இடக்கட்டத்தின் வழிகளும் சேர்ந்த தொகை. வெறும் ரிகர்ஷன் அந்தத் தொகையை ஒன்று ஒன்றாகக் கூட்டியே சேர்க்கும். விடை 15,51,17,520 என்பதால், அழைப்புகளும் அதற்குக் குறையாது. வெவ்வேறு கட்டங்களோ 256தான்!

மெமோவில் ஒருமுறை கண்ட விடையை எழுதி வைத்துக்கொள்கிறோம். தடைக்கற்கள் நிறைந்த கட்டமென்றால் எனக்கு இதுவே பிடிக்கும். தேவையான கட்டங்களை மட்டுமே தொடும். ஆனால் ‘இன்னும் கணக்கிடவில்லை’ என்பதற்கு 0 வைக்காதீர்கள், -1 வையுங்கள். தடைக்குப் பின்னுள்ள கட்டத்தின் உண்மையான விடையே 0 ஆகலாம். 0 வைத்தால் அதைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும். விடை சரியாகவே வரும், வேகம் மட்டும் செத்துப்போகும். கண்டுபிடிக்க எரிச்சலான பிழை.

1000×1000 என்றால் அழைப்பின் ஆழம் 2000ஐ நெருங்கும். பைத்தானின் வழக்கமான வரம்பு 1000, ஆகவே `RecursionError`. அங்கே அட்டவணைதான். முதல் வரிசை முழுக்க 1; பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் இதே வரிசையை இடமிருந்து வலமாகத் திருத்தினால் போதும்:

```
for j in range(1, n):
    r[j] += r[j-1]
```

கூட்டும் முன் `r[j]`இல் இருப்பது மேல்கட்டத்தின் விடை. தடைக்கல் வந்தால் அங்கே 0 வைக்க வேண்டும். முதல் வரிசையில் தடைக்கு அப்பாலும் 0தான்.