இருத்துவதா, பெருக்குவதா, நிறுத்துவதா?

நுழையும்முன்

ஒரு கடையில் நான்கு பண்டங்கள் விற்பனையாகின்றன. மாத இறுதியில் கணக்குப் பார்க்கையில், இரண்டு பண்டங்கள் இலாபம் தருவதாகவும் இரண்டு பண்டங்கள் நட்டம் தருவதாகவும் தெரிகின்றன. நட்டம் தருபவற்றை நிறுத்திவிட்டால் இலாபம் உயரும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் ஒரு பண்டத்தைப் பொறுத்தவரை சரியாகவும், மற்றொன்றைப் பொறுத்தவரை பெரும் பிழையாகவும் இருக்கக்கூடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் கணக்கே பங்களிப்புக் கணக்கு.

கடையின் இருவகைச் செலவுகள்

விருதுநகர் போன்றதொரு நகரின் கடைத்தெருவில் சிறிய பலகாரக் கடை ஒன்று இருப்பதாகக் கொள்க. முறுக்கு, மைசூர்பாகு, அதிரசம் ஆகிய மூன்றும் கடையின் பின்கட்டிலேயே செய்யப்படுகின்றன. பால்கோவா மட்டும் திருவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி விற்கப்படுகிறது. அடுப்பில் நிற்பவர் மாதச் சம்பளம் பெறும் மாஸ்டர் ஒருவரே.

ஒரு கிலோ முறுக்கு 280 ரூபாய்க்கு விற்கப்படுகிறது. அதற்கு மாவுக்கு 70 ரூபாயும், எண்ணெய்க்கு 80 ரூபாயும், எரிவாயுவுக்கு 20 ரூபாயும், உறைக்கு 10 ரூபாயும் ஆக மொத்தம் 180 ரூபாய் செலவாகிறது. முறுக்கு கூடுதலாகச் செய்தால் இச்செலவு கூடும். செய்யாவிட்டால் இச்செலவே இல்லை. இவ்வாறு பண்டத்தின் அளவோடு ஏறி இறங்குவது மாறும் செலவு எனப்படும்.

கடை வாடகை 10,000 ரூபாய், சம்பளம் 24,000 ரூபாய், விளக்கு, தண்ணீர் முதலியவற்றுக்கு 2,000 ரூபாய் என மாதந்தோறும் 36,000 ரூபாய் வேறு செலவாகிறது. ஒரு கிலோ விற்றாலும் நூறு கிலோ விற்றாலும் இத்தொகை மாறுவதில்லை. இது நிலையான செலவு.

விற்பனைத் தொகையிலிருந்து மாறும் செலவை மட்டும் கழித்தால் எஞ்சுவது பங்களிப்பு. ஒரு கிலோ முறுக்கின் பங்களிப்பு 100 ரூபாய். நிலையான செலவு என்னும் பொதுச் சுமையைச் சுமக்க அப்பண்டம் தன் பங்காகக் கொண்டுவந்து தரும் தொகை இது. எல்லாப் பண்டங்களின் பங்களிப்பும் சேர்ந்து 36,000 ரூபாயைக் கடந்த பின்னர் எஞ்சுவதே கடையின் இலாபம்.

அக்கடையின் ஒரு மாதக் கணக்கு வருமாறு (தொகை ரூபாயில்):

| பண்டம் | விற்ற அளவு | விற்பனை | மாறும் செலவு | பங்களிப்பு |
|---|---|---|---|---|
| முறுக்கு | 200 கிலோ | 56,000 | 36,000 | 20,000 |
| மைசூர்பாகு | 120 கிலோ | 57,600 | 39,600 | 18,000 |
| அதிரசம் | 100 கிலோ | 32,000 | 26,000 | 6,000 |
| பால்கோவா | 90 கிலோ | 36,000 | 37,000 | –1,000 |
| மொத்தம் | | 1,81,600 | 1,38,600 | 43,000 |

மொத்தப் பங்களிப்பு 43,000 ரூபாய். நிலையான செலவு 36,000 ரூபாய். ஆகவே கடையின் இலாபம் 7,000 ரூபாய்.

பங்கிட்டதால் வந்த பிழை

கடை உரிமையாளரோ வேறு வகையில் கணக்கிட்டார். நான்கு பண்டங்கள் இருப்பதால் 36,000 ரூபாயை நான்காகப் பங்கிட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் 9,000 ரூபாயை ஏற்றினார். அவரது குறிப்பேட்டில் முறுக்கு 11,000 ரூபாயும் மைசூர்பாகு 9,000 ரூபாயும் இலாபம் காட்டின. அதிரசம் 3,000 ரூபாயும் பால்கோவா 10,000 ரூபாயும் நட்டம் காட்டின. நட்டம் காட்டிய இரண்டையும் நிறுத்த அவர் முடிவு செய்தார்.

அம்முடிவின்படி நடந்தால் என்ன நிகழும்? முறுக்கும் மைசூர்பாகும் தரும் 38,000 ரூபாய் மட்டுமே பங்களிப்பாக இருக்கும். ஆனால் வாடகை குறையாது, சம்பளமும் குறையாது. 36,000 ரூபாய் போக எஞ்சுவது 2,000 ரூபாய். உயரும் என்று எண்ணிய இலாபம் 7,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக இறங்கிவிடும்.

தவறு இத்துடன் நிற்பதில்லை. அடுத்த மாதம் 36,000 ரூபாயை இரண்டாகப் பங்கிட்டால், ஒவ்வொன்றின் மேலும் 18,000 ரூபாய் ஏறும். மைசூர்பாகின் இலாபம் சுழியமாகத் தெரியும். பயனற்றது என்று அதனையும் நிறுத்தினால், தனித்து நிற்கும் முறுக்கின் 20,000 ரூபாயைக் கொண்டு 36,000 ரூபாயை ஈடுகட்ட இயலாது. கடை மாதம் 16,000 ரூபாய் நட்டத்தில் விழும். பண்டங்களின் விற்பனையோ விலையோ எங்கும் குறையவில்லை. பங்கிடும் முறையே ஒவ்வொன்றாக அவற்றை வெளியேற்றிவிட்டது.

அதிரசம் நட்டம் தருவதாகத் தோன்றியதற்குக் காரணம், அதன்மேல் ஏற்றப்பட்ட 9,000 ரூபாய். அதிரசத்தை நிறுத்தினாலும் அத்தொகை மறையாது. மற்றப் பண்டங்களின் தலைக்கு மாறும், அவ்வளவே. மாறாக, அது தந்துவந்த 6,000 ரூபாய் மட்டும் இல்லாமற்போகும். ஆதலால் அதிரசத்தைக் கடையில் இருத்திக்கொள்வதே தக்கது.

மறைந்திருந்த நட்டம்

பால்கோவாவின் நிலை வேறு. அது கிலோ 370 ரூபாய்க்கு வாங்கி 400 ரூபாய்க்கு விற்கப்படுவதால், கிலோவுக்கு 30 ரூபாய் கிடைப்பதாக உரிமையாளர் நம்பியிருந்தார். ஆயினும் பால்கோவா சில நாள்களில் கெடும் இயல்புடையது. 100 கிலோ வாங்கினால் 90 கிலோவே விற்பனையாயிற்று. பத்துக் கிலோ வீணாயிற்று. வாங்கிய அளவுக்கு 37,000 ரூபாய் கொடுத்து, விற்ற அளவுக்கு 36,000 ரூபாய் பெற்றதால், வாடகையைக் கணக்கில் சேர்க்கும் முன்னரே 1,000 ரூபாய் குறைந்தது.

பங்களிப்பே எதிர்மறையாக உள்ள பண்டத்தை அப்படியே தொடர்வதில் பயனில்லை. இதனை மட்டும் நிறுத்தினால் கடையின் இலாபம் 8,000 ரூபாயாகும். எனினும், நிறுத்துவதற்குமுன் காரணத்தை ஆராய வேண்டும். இங்கே நட்டத்தின் வேர் விலையில் இல்லை; வீணாகும் அளவில் இருக்கிறது. ஒருமுறை பெருமளவில் வாங்குவதை விடுத்து, வாரத்தில் சிலமுறை சிறிது சிறிதாக வாங்கினால் வீணாவது குறையலாம். அதே விலைக்கு 95 கிலோ வாங்கி 90 கிலோ விற்றால் செலவு 35,150 ரூபாய். பங்களிப்பு 850 ரூபாய். அவ்வாறு வாங்க இயலாதெனின், அல்லது போக்குவரத்துச் செலவு அந்த 850 ரூபாயை விழுங்கிவிடுமெனின், நிறுத்துவதே வழி.

மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால்கோவா வாங்க வருபவர் முறுக்கும் வாங்கிச் செல்லலாம். பால்கோவா இல்லையென்று அவர்கள் வராமற்போய், மாதம் பத்துக் கிலோ முறுக்கு விற்பனை குறைந்தால், 1,000 ரூபாய் பங்களிப்பு போய்விடும். நிறுத்தியதால் மிஞ்சிய தொகையும் அதுவே. ஆகவே இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, மற்றப் பண்டங்களின் விற்பனையைக் குறித்து வருவது பயன்தரும்.

எதனைப் பெருக்குவது?

ஒரு கிலோ மைசூர்பாகின் பங்களிப்பு 150 ரூபாய். முறுக்கினுடையது 100 ரூபாய். அதிரசத்தினுடையது 60 ரூபாய். ஆகவே மைசூர்பாகையே பெருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் தீபாவளி நெருங்கும் நாள்களில் கடைக்குப் பற்றாக்குறையாவது வாங்குவோர் அல்லர், அடுப்பு நேரமே.

அடுப்பில் ஒரு மணி நேரத்தில் 4 கிலோ முறுக்கு செய்யலாம். மைசூர்பாகு 2 கிலோவே செய்யலாம். அதிரசம் இரண்டரைக் கிலோ செய்யலாம். எனவே ஒரு மணி நேர அடுப்பு முறுக்கின் வழியே 400 ரூபாயும், மைசூர்பாகின் வழியே 300 ரூபாயும், அதிரசத்தின் வழியே 150 ரூபாயும் தருகிறது. கிலோவால் அளந்தபோது முதலிடம் பெற்ற மைசூர்பாகு, நேரத்தால் அளந்தபோது இரண்டாமிடம் பெறுகிறது. பற்றாக்குறையாக உள்ளது எதுவோ அதன் அளவாலேயே பங்களிப்பை ஒப்பிட வேண்டும். அது இக்கடையில் அடுப்பு நேரம். வேறொரு கடையில் அலமாரி இடமாகவோ கையிருப்புப் பணமாகவோ இருக்கலாம்.

விழாக்காலத்தில் அதிரசத்திற்குரிய நேரத்தில் 10 மணி நேரத்தை முறுக்குக்கு மாற்றினால், 1,500 ரூபாய் குறைந்து 4,000 ரூபாய் கூடும். நிகர உயர்வு 2,500 ரூபாய். கூடுதலாகச் செய்யும் 40 கிலோ முறுக்கும் விற்றுத் தீர்ந்தால்தான் இக்கணக்கு பொருந்தும். விற்காமல் தங்கி எண்ணெய் வாடை அடித்த முறுக்கு, மாறும் செலவை மட்டுமே விட்டுச்செல்லும்.

விழா முடிந்து அடுப்பு ஓய்ந்திருக்கும் மாதங்களில் அதிரசம் மீண்டும் தன் முழு அளவைப் பெறலாம். அப்போது அதற்குப் போட்டியாக வேறெதுவும் அந்நேரத்தைக் கேட்பதில்லை. மணிக்குக் கிடைக்கும் 150 ரூபாயும் வரவே.

எல்லைகள்

ஒரு செலவு நிலையானதா, மாறுவதா என்பதை அதன் பெயர் தீர்மானிப்பதில்லை. மாஸ்டருக்கு மாதச் சம்பளம் தந்தால் அது நிலையான செலவு. கிலோவுக்கு இவ்வளவு எனக் கூலி தந்தால் மாறும் செலவு. அதுபோலவே, அதிரசத்திற்கென்றே மாதம் 7,000 ரூபாய் சம்பளத்தில் ஓர் உதவியாளர் இருந்தால், அதிரசத்தை நிறுத்தும்போது அச்செலவும் நீங்கும். அந்நிலையில் 6,000 ரூபாய் பங்களிப்பு போதாது, நிறுத்துவதே சரியாகும். எனவே ஒவ்வொரு செலவையும் நோக்கி, ‘இப்பண்டம் இல்லையெனில் இச்செலவும் இராதா?’ என்று கேட்டபின்னரே முடிவு செய்ய வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. எண்ணெய் விலை உயர்வால் ஒரு கிலோ அதிரசத்தின் மாறும் செலவு 290 ரூபாயாகிறது, விலை மாறவில்லை. அதிரசத்தின் மாதப் பங்களிப்பையும், பால்கோவாவை நிறுத்திய நிலையில் கடையின் இலாபத்தையும் கணக்கிடுக. அதிரசத்தை நிறுத்தலாமா? காரணம் தருக.
2. ஒரு மணி நேரத்தில் 3 கிலோ மைசூர்பாகு செய்ய முடிந்தால், விழாக்காலத்தில் எதனைப் பெருக்க வேண்டும்?
3. உங்கள் ஊரிலுள்ள சிறுகடை ஒன்றின் செலவுகளைக் கேட்டறிந்து, நிலையானவை, மாறுபவை எனப் பிரித்து எழுதுக.